டார்க் ஸ்டோர் ரேக்கை நிரப்பும் கணக்கு

கேள்வி: ஆப்பில் மளிகை ஆர்டர் போட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அது வருவது டார்க் ஸ்டோரிலிருந்து, அதாவது வாடிக்கையாளர் உள்ளே போகாத, ஆப் ஆர்டருக்கு மட்டுமான கடையிலிருந்து; அது சின்ன இடம்தான் என்கிறார்கள். அங்கே கேட்டதெல்லாம் எப்படித் தீராமல் இருக்கிறது? யார், எப்போது நிரப்புகிறார்கள்?

தென்சென்னையில் ஒரு டார்க் ஸ்டோரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஸ்டாக் பொறுப்பில் இருந்தேன். பார்த்ததையும் செய்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் கடை சுமார் மூவாயிரம் சதுர அடி. சுற்றி இரண்டு, இரண்டரை கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான் டெலிவரி. சில ஆயிரம் வகைப் பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் ரேக்கில் எண் போட்ட ஒரு கட்டம் உண்டு; அதை லொக்கேஷன் என்போம். ஆர்டர் வந்ததும் பிக்கரின் கையிலிருக்கும் போனில் அந்த எண் வரும். அவர் நேராக அங்கே போய், எடுத்து, ஸ்கேன் செய்து, பையில் போடுவார். இதற்கு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் எந்தப் பொருளும் பின்னால் கோடவுனில் இருக்க முடியாது. பின்னால் கோடவுனே கிடையாது. ரேக்கில் இருப்பதுதான் கடையின் மொத்த இருப்பு. நன்றாக ஓடும் பொருள் அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ போதுமான அளவுதான் அங்கே இருக்கும்.

தீருவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும் என்பதால்தான் அந்தக் கொஞ்சம் போதுமானதாகிறது. ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு ஒன்று இருக்கும், மதர் ஹப் என்பார்கள். கம்பெனிகளிடமிருந்து லோடு லோடாக வாங்கி வைப்பது அங்கேதான். அங்கிருந்து எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வண்டி: அதிகாலை நாலு மணிக்கு ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று. பால், பிரெட், காய்கறி தனி வழியில் விடிவதற்குள் வந்து இறங்கிவிடும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எதை எவ்வளவு அனுப்புவது என்பதைக் கடையில் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. சிஸ்டம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை ஒரு பொருளை வைத்துக் காட்டினால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்தவை. கணக்கின் போக்கு உண்மையில் நடப்பதுதான்.

மதிய வண்டிக்கான பட்டியல் காலை ஏழு மணிக்கே முடிந்துவிடும். ஹப்பில் அதைப் பார்த்து எடுத்து, கிரேட்டில் அடுக்கி, வண்டி ஏற்றி, டிராஃபிக்கில் வர எட்டு மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு ரேக்கில் 22 பாக்கெட் இருக்கிறது. பார்ப்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் இப்போது கேட்டால் மூன்று மணிக்கு வரும், அதை விட்டால் அடுத்த சரக்கு மறுநாள் அதிகாலையில்தான். அதை இறக்கி ரேக்கில் ஏற்றி முடிக்க ஐந்து மணி ஆகிவிடும். ஆகவே ஏழு மணிக்கு எடுக்கும் முடிவு, மறுநாள் காலை ஐந்து வரைக்குமான விற்பனையைத் தாங்க வேண்டும்.

காலை ஏழிலிருந்து மதியம் மூன்று வரை 14 போகும், மூன்றிலிருந்து மறுநாள் ஐந்து வரை 22 போகும் என்பது சிஸ்டத்தின் கணிப்பு என்று வைப்போம். மொத்தம் 36. கணிப்பு தப்பினால் தாங்குவதற்குக் கூடுதலாக 8. ஆக 44 வேண்டும். கையில் 22 இருப்பதால் இன்னும் 22 வேண்டும். அட்டைப்பெட்டியில் 12 பாக்கெட் என்பதால் இரண்டு பெட்டி, 24 வரும். மூன்று மணிக்குப் பழையதில் 8 மிச்சமிருக்கும், புதியது 24. லொக்கேஷனில் 32 பாக்கெட்டுக்கு இடமிருந்தால் போதும்.

இதே கடைக்கு ஒரு நாளைக்கு ஒரே வண்டி என்று வையுங்கள். வண்டி வந்த நேரத்தில் முழு நாள் விற்பனையான 38 பாக்கெட்டும் ரேக்கில் இருக்க வேண்டும். கணிப்பு நீண்ட நேரத்துக்கு என்பதால் தப்புவதற்கான வாய்ப்பும் அதிகம், அதற்காக 12 கூட்டினால் 50. அதாவது 32 இருந்த இடத்தில் 50. ஆயிரக்கணக்கான பொருட்களுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், அந்த மூவாயிரம் சதுர அடி போதவே போதாது. இரண்டாவது வண்டிக்கு டீசலும் வாடகையும் ஆகிறதுதான், ஆனால் அந்தப் பணத்தில் ரேக்கில் இடம் கிடைக்கிறது. நகரத்துக்குள் சதுர அடி வாடகை என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

வண்டி வந்து நின்றவுடன் பொருள் விற்பனைக்கு வந்துவிடாது. கிரேட்டை இறக்கி, எண்ணிச் சரிபார்த்து, லொக்கேஷனில் வைத்து ஸ்கேன் செய்த பிறகுதான் ஆப்பில் தெரியும். வாசலில் கிரேட்டுக்குள் முப்பது எண்ணெய் பாக்கெட் கிடக்கும்போதே ஆப்பில் 'இருப்பு இல்லை' என்று காட்டிய மாலைகள் உண்டு. அதனால் ரேக்கில் பூஜ்யமாகிவிட்ட பொருள் இருக்கும் கிரேட்டை முதலில் பிரிக்கச் சொல்வேன். மற்றவை அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இனி இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட விஷயத்துக்கு வருகிறேன். மேலே போட்ட கணக்கு முழுக்க ஒரே எண்ணின் மேல் நிற்கிறது: 'ரேக்கில் இப்போது 22 இருக்கிறது' என்பது. சிஸ்டம் ரேக்கைப் பார்ப்பதில்லை. வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து வந்த எண்ணைத்தான் பார்க்கிறது. அந்த எண் பொய்யானால் கணிப்பு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

எங்கள் கடையில் நடந்தது. ஃபில்டர் காபித்தூள், ஒரே பிராண்ட், 200 கிராம். ஒன்று 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி, இன்னொன்று 60க்கு 40. இரண்டும் ஒரே பழுப்பு நிறப் பாக்கெட், மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஹப்பிலிருந்து வந்த ஒரு பெட்டியின் மேல் 60:40 என்று லேபிள், உள்ளே இருந்தது 80:20. இறக்கியவர் லேபிளை மட்டும் ஸ்கேன் செய்தார். ரேக்கில் ஏற்றிய பெண் பாக்கெட்டைப் பார்த்து, சரியாகவே 80:20 இருக்கும் கட்டத்தில் அடுக்கினாள். இரண்டு பேருமே அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைத்தார்கள்.

இரண்டு நாளில் நிலைமை இப்படி ஆனது. 80:20 கணக்குப்படி பூஜ்யம், அதனால் ஆப்பில் மறைந்துவிட்டது. ரேக்கில் பன்னிரண்டு பாக்கெட் இருக்கிறது, விற்க முடியாது. 60:40 கணக்குப்படி பன்னிரண்டு, ரேக்கில் ஒன்றுகூட இல்லை. வாடிக்கையாளர் ஆர்டர் போடுவார், பிக்கர் ஓடி வருவார், "அக்கா, லொக்கேஷன் காலி" என்பார், பணம் திரும்பப் போகும். அதைவிடக் கொடுமை அடுத்த வண்டி. பூஜ்யம் என்று நினைத்து 80:20யை இன்னும் ஒரு பெட்டி அனுப்பிவிட்டது. அதை வைக்க இடமில்லாமல் தரையில் வைத்தோம். தேவைப்பட்ட 60:40 வரவேயில்லை, பன்னிரண்டு இருக்கும்போது எதற்கு அனுப்ப வேண்டும்? ஒரு லேபிள் தவறு இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. யாராவது எண்ணிப் பார்க்கும்வரை சிஸ்டம் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

இல்லாத இருப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு அடையாளத்தை நான் நம்பினேன். தினமும் இரண்டு மூன்று போகிற பொருள், கணக்கில் இருப்பு இருந்தும் இரண்டு நாளாக ஒன்றுகூட விற்கவில்லை என்றால் ரேக்கில் அது இல்லை என்று அர்த்தம். அடுத்தது, வண்டியில் வந்த சரக்கு லொக்கேஷனில் கொள்ளாமல் வழிந்தால், முன்பே அங்கே கணக்கில் வராத பாக்கெட் கிடக்கிறது. தினமும் காலை பத்தரை மணிக்கு, ஆர்டர் சற்றுத் தணியும் நேரத்தில், இந்த இரண்டு வகையும் சேர்ந்த நாற்பது ஐம்பது லொக்கேஷனை மட்டும் கையால் எண்ண வைப்பேன். கடை முழுவதையும் எண்ண ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. காபித்தூள் சம்பவத்துக்குப் பிறகு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் பாக்கெட்டுகளை வேறு வேறு ரேக்குக்கு மாற்றினோம், பெட்டிக்குள் இருந்து ஒரு பாக்கெட்டையாவது எடுத்து ஸ்கேன் செய்யாமல் இறக்கக் கூடாது என்றும் வைத்தோம். 'பொருள் இல்லை' என்று பிக்கர் அழுத்துவது கணிசமாகக் குறைந்தது.

கணிப்பிலும் ஒரு குழி உண்டு. மாலை ஏழு மணிக்குத் தீர்ந்துபோன பொருளுக்கு ஏழுக்கு மேல் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால், இதற்கு இரவில் கேட்க ஆளில்லை என்று நாளைக்கு இன்னும் குறைவாக வரும், இன்னும் சீக்கிரம் தீரும். அதனால் பொருள் ரேக்கில் இருந்த மணி நேரத்துக்கு எத்தனை விற்றது என்றுதான் பார்க்க வேண்டும்.

திருவிழாப் பொருளுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு ஒரு வாரம் பறக்கும், தீபம் முடிந்த மறுநாள் கேட்க ஆளிருக்காது. போன மாதத்து விற்பனையைப் பார்த்துச் சிஸ்டம் என்ன கணிக்கும்? பத்து நாள் முன்னாலேயே நாங்கள் ஹப்புக்குச் சொல்லி, எண்ணிக்கையைக் கையால் போட்டு, அதற்கு ஒரு ரேக்கை ஒழிக்க வேண்டும். எதை வெளியே எடுப்பது என்பதுதான் கஷ்டமான முடிவு. மாதம் நாலு மட்டும் விற்கும் ஷாம்பூ வகையை எடுத்தோம். அதைத்தான் வழக்கமாக வாங்கும் நாலு வீட்டுக்கு அது இல்லாமல் போனது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

நீங்கள் தேடும் பொருள் மதியம் இரண்டு மணிக்கு ஆப்பில் இல்லை என்றால், மாலை நாலரைக்கு ஒருமுறை பாருங்கள். எங்கள் கடையில் மதிய வண்டிச் சரக்கு ரேக்குக்கு ஏறி முடிவது அந்த நேரத்தில்தான். உங்கள் பகுதிக் கடையின் வண்டி நேரம் வேறாக இருக்கலாம், நாலைந்து நாள் கவனித்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.