ரூம் அலாட்மென்ட்: வார்டன் மேடத்திடம் கேட்டவை

நோட்டீஸ் போர்டில் ஒட்டியதன் சுருக்கம் இது. ராயபுரம் மகளிர் விடுதியில் இந்த வருஷம் ரூம்களைக் கம்ப்யூட்டர் ஒதுக்கும். முதல் வரிசையில் மாற்றுத்திறனாளிகளும், அவர்களுக்குப் பின்னால் மருத்துவக் காரணம் உள்ளவர்களும். அடுத்து கடைசி வருஷத்தார், அதற்கடுத்து வீடு தூரமாக உள்ளவர்கள், பிறகு மற்றவர்கள். ஒரே வரிசையில் இருப்பவர்களுக்குள் யார் முந்தி என்பது குலுக்கலில் முடிவாகும். அந்த வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் எழுதிய விருப்பப் பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் ரூமை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போகும். போர்டுக்குக் கீழே நின்று கேட்டவர்களுக்கும், சீட்டு எழுதிப் போட்டவர்களுக்கும் என் பதில்கள்.

மேம், 204-ஐ எல்லாரும் முதல்ல எழுதுவாங்க. நானும் எழுதி அது கிடைக்கலைன்னா 112-ம் போயிடும்ல? சேஃபா 112-ஐயே முதல்ல போடட்டுமா? — கடலூர், இரண்டாம் வருஷம்

போன வருஷம் வரை நீ நினைத்தது சரிதான்மா. அப்போது கையால் போட்டோம். முதலில் எல்லாருடைய முதல் விருப்பத்தையும் முடித்துவிட்டுத்தான் இரண்டாவது விருப்பத்துக்கு வந்தோம். இப்போது அப்படி இல்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 204, 112, 305 மூன்றிலும் ஒவ்வொரு கட்டில் காலி. தேனிப் பெண்ணுக்குக் குலுக்கலில் 1, உனக்கு 2, வேலூர்ப் பெண்ணுக்கு 3. தேனியும் நீயும் 204, 112, 305 என்று எழுதுகிறீர்கள். வேலூர் 112-ஐ முதலில் எழுதுகிறாள். பழைய முறையில் 204 தேனிக்கு. 112-ஐ முதலில் கேட்டது வேலூர் மட்டும்தான், அது அவளுக்கு. அவளைவிட முந்தின எண் இருந்தும், மொட்டைமாடிக்குக் கீழே மே மாசம் சட்டியாகக் காயும் 305-க்கு நீ போவாய். அதனால்தான் அக்காக்கள் உனக்கு "சேஃபா போடு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

புதிய முறையில் தேனி 204-ஐ எடுத்ததும் முறை உனக்கு. உன் பட்டியலில் மேலே உள்ள 204 போய்விட்டது என்றானதும் 112-ஐப் பார்க்கும், காலியாக இருக்கும், உனக்கு வந்துவிடும். வேலூர் அதை எத்தனையாவதாக எழுதினாள் என்று கம்ப்யூட்டர் பார்ப்பதே இல்லை. நீ 112-ஐ மேலே போட்டு, தேனிப் பெண் 204-ஐக் கேட்காமல் விட்டிருந்தால், கையில் வந்த 204-ஐ நீயே தள்ளிவிட்டவள் ஆவாய். மனசில் உள்ள வரிசையை அப்படியே எழுது. இடம் இருக்கிறதே என்று எல்லா ரூமையும் எழுதிவிடு. மூன்றோடு நிறுத்தி மூன்றும் போய்விட்டால், கடைசியில் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

குலுக்கல்ன்னு சொல்றீங்க, ஆபீஸ்ல ரெண்டு தடவை அமுக்கி வேண்டியவங்களுக்கு வர்ற மாதிரி பண்ண முடியாதா? — கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாம் வருஷம்

முடியும். அதனால்தான் இரண்டு விஷயம் செய்கிறோம். ஞாயிறு மாலை பெயர்ப் பட்டியலை மூடி, பதிவு எண் வரிசையில் அச்சடித்து ஒட்டிவிடுவோம். அதற்குப் பிறகுதான், திங்கள் காலை மெஸ்ஸில் மூன்று மாணவிகள் ஆளுக்கு இரண்டு இலக்கம் சொல்வார்கள். அந்த ஆறு இலக்கம்தான் தொடக்க எண். உதாரணத்துக்கு:

```
import random
students.sort()
random.seed(472906)
random.shuffle(students)
```

உன் லேப்டாப்பில் அதே பட்டியலையும் அதே எண்ணையும் போட்டு ஓட்டிப் பார். எங்களுடையதே வர வேண்டும். வராவிட்டால் முதலில் `sort` வரியை விட்டிருக்கிறாயா என்று பார், பட்டியலின் வரிசை மாறினால் குலுக்கலும் மாறிவிடும். பைத்தான் பதிப்பும் போர்டில் எழுதியிருக்கும். எல்லாம் ஒத்திருந்தும் வேறாக வந்தால் நேராக என்னிடம் வா.

நான் 208-ல இருக்கேன். 204-க்கு மாற ஆசை. ஆனா விண்ணப்பம் போட்டா 208-ம் கையை விட்டுப் போயிடுமோன்னு பயம். — சேலம்

போகாது. மாற்றம் கேட்பவர்களுக்குத் தனி விதி வைத்திருக்கிறோம். உன் குலுக்கல் எண் 9 என்று வை. எண் 1 வந்து 208-ல் உன் கட்டிலைக் கேட்டால், அவளை நிறுத்திவிட்டு முறை உனக்கு வரும். 204 காலியாக இருந்தால் நீ அங்கே, அவள் 208-க்கு. நீ கேட்டதில் எதுவும் காலியாக இல்லை என்றால் 208-லேயே இருப்பாய், அவள் அடுத்த விருப்பத்துக்குப் போவாள். நீ அவள் ரூமையும் அவள் உன் ரூமையும் கேட்டால் நேராக மாற்றிவிடும். 1999-ல் அப்துல்காதிரோலு, சோன்மெஸ் என்ற இரண்டு துருக்கியப் பொருளாதார அறிஞர்கள் எழுதிய முறை இது.

அப்போ எண் 2 வாங்கினவ என்ன பாவம் பண்ணா? எண் 9 அவளைத் தாண்டி 204-ஐ எடுத்துக்குவாளே! — சீட்டில் பெயர் இல்லை

நியாயமான கோபம். எண் 2-க்கு அந்த ஒரு ரூம் விஷயத்தில் நஷ்டம்தான், மறைக்க மாட்டேன். இந்த விதி இல்லாவிட்டால் பழைய மாணவிகள் பயந்துகொண்டு மாற்றமே கேட்க மாட்டார்கள், நல்ல ரூம்கள் வெளியே வராமலே போகும். அதை எடைபோட்டு வைத்தோம். எண் 2-க்கு இது ஆறுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். வருஷக் கடைசியில் மாணவியர் குழு கூடும்போது இதை மறுபடி பேசுவோம்.

என் பொண்ணுக்கு நடக்க கஷ்டம், யூடிஐடி கார்டு இருக்கு. கீழ்த்தளம் தானா வந்துடுமாங்க மேடம்? ஹாஸ்டல் பீஸுல கழிவு உண்டா? — ஒரு அம்மா, கும்மிடிப்பூண்டி

பீஸ் விஷயம் அலுவலகத்தில் கேளுங்கம்மா, ரூம் ஒதுக்குவதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ரூம் தானாக வராது. கார்டில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் மகள் முதல் வரிசை, ஆனால் எந்த ரூம் வேண்டும் என்பதை அவள்தான் எழுத வேண்டும். இதைக் கட்டாயம் கவனியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியது. 3-ம் நம்பர் ரூமில் மர அலமாரியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அந்தக் கறை இன்னும் அப்படியே இருக்கிறது. சாய்வுப்பாதைப் பக்கம் உள்ள 6, 7 இரண்டும் தரை உயர்ந்தவை, அங்கே வரவில்லை. அவற்றை முதலில் எழுதச் சொல்லுங்கள். மாடி ரூமும் கேட்கலாம், ஆனால் கரன்ட் போனால் லிஃப்ட் நிற்கும், ஜெனரேட்டரில் அது ஓடாது. காலில் கட்டு போட்டவர்களுக்கு இந்தக் கார்டு கிடைக்காது. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் மருத்துவக் காரணம் என்று இதே வரிசையில், கார்டு உள்ளவர்களுக்கு அடுத்து வருவார்கள்.

தூரம் எப்படிக் கணக்கு? எங்க ஊர் பழவேற்காடு ஏரிக்குள்ள. படகுல வந்து, பஸ் ஏறி, பொன்னேரியில ரயில் பிடிக்கணும். ஆனா மேப்ல கிட்டத்தான் காட்டுது. — முதல் வருஷம்

இப்போது பின்கோடிலிருந்து விடுதி வரை நேர்க்கோட்டுத் தூரம்தான் எடுக்கிறது. அது உனக்கு அநியாயம். திருவள்ளூர் தாண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு மேப்பில் தூரம் அதிகம், ஆனால் வந்து சேரும் நேரம் உன்னைவிடக் குறைவு. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஓடுவதையும் இந்தக் கணக்கு அறியாது. பயண நேரத்தை எடுக்கலாம் என்று நான் கேட்டிருக்கிறேன். எந்த நேரத்துப் பயணம், யார் சொல்வது என்பதில் பேச்சு நிற்கிறது. அதுவரை படகு ஏறி வருகிறாய் என்று ஊராட்சியில் ஒரு கடிதம் வாங்கி, சனிக்கிழமைக்குள் கொடு. பட்டியல் மூடும் முன்பு மூன்றாம் வரிசையில் கையால் சேர்ப்போம். அப்படிச் சேர்த்த பெயர்கள் போர்டில் தனியாகத் தெரியும்.

நானும் என் ஃபிரண்டும் ஒரே ரூம் வேணும். குலுக்கல்ல எனக்கு எண் 4, அவளுக்கு 61-ன்னு வந்தா? — வியாசர்பாடி

சேர்ந்து விண்ணப்பித்தால் இருவருக்கும் 61 தான். பின்னாலிருந்தவளை முன்னே இழுத்துவந்தால் நடுவில் இருப்பவர்கள் கேட்பார்கள். குலுக்கல் முடிந்த பிறகு பிரிந்துகொள்ளவும் முடியாது. ஞாயிறு மாலைக்குள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.