பைசெக்சுவலா, பான்செக்சுவலா, பெயரே வேண்டாமா?

*அக்கா, எனக்கு 23 வயது, கம்பஸில் படிக்கிறேன். ஏ.எல். காலத்தில் ரியூசனில் ஒரு பெடியனில் விருப்பமாக இருந்தேன். கம்பஸ் வந்த பிறகு கூடப் படித்த ஒருத்தியில் வந்தது காதல்தான் என்று விளங்கியது. இரண்டு விருப்பமும் ஒரே மாதிரி இல்லை. அதிலிருந்து என்னை பைசெக்சுவல் என்றுதான் நினைத்து வந்தேன். இப்போது ஒரு திருநங்கையில் மனம் போயிருக்கிறது. கனடாவில் இருக்கிற மச்சாளுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நீ பை இல்லை, பான். பை என்று சொன்னால் திருநங்கைகளை ஒதுக்குகிறாய் என்று அர்த்தம்" என்கிறாள். நான் காதலித்த தோழியோ தனக்கு எந்தப் பெயரும் வேண்டாம் என்கிறாள். பயத்தில் ஒளிக்கிறாளோ என்று கோபம் வருகிறது. நான் என்ன என்று சொல்வது?*
*— பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்*

அன்புத் தங்கச்சிக்கு,

மச்சாள் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்துவிடுவோம். திருநங்கை ஒரு பெண். ஆண்களிலும் பெண்களிலும் விருப்பம் வரக்கூடிய ஒருவருக்குத் திருநங்கை ஒருவரில் விருப்பம் வந்தால், அதற்காக அவருடைய ஈர்ப்புக்குப் புதுப் பெயர் தேட வேண்டியதில்லை. இலங்கையில் 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழில் பாலைத் திருத்தலாம். அரசாங்கப் பதிவேடே பெண் என்று ஏற்கிற ஒருவரை நாங்கள் ஏன் தனியாக ஒரு மூன்றாம் வரிசையில் நிறுத்த வேண்டும்? "உங்களில் விருப்பம் வந்தபடியால் நான் பான் ஆகிவிட்டேன்" என்று அவரிடம் போய்ச் சொல்வதை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். நீங்கள் அன்பாகத்தான் சொல்வீர்கள். ஆனால் தன்னை இன்னும் பெண்ணாக எண்ணவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

மச்சாளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது. 'பை' என்றால் இரண்டு, ஆகவே ஆணும் பெண்ணும் மட்டும், மற்ற எல்லாரும் வெளியே என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பெயரால் தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பைசெக்சுவல் ஆட்கள் சேர்ந்து நடத்திய ஒரு சஞ்சிகை 1990-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பால்நிலை இரண்டுதான் என்று எண்ணிவிட வேண்டாம் என்று அப்போதே அதில் எழுதியிருந்தார்கள். பான் என்ற பெயர் இளம் ஆட்களிடையே பரவுவதற்கு எவ்வளவோ முந்திய காலம் அது. ரொபின் ஓக்ஸ் என்ற செயற்பாட்டாளரின் விளக்கத்தைத்தான் இன்று பலர் எடுத்துச் சொல்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பால்நிலையினரில் ஈர்ப்பு வரக்கூடியவர் பைசெக்சுவல். அந்த ஈர்ப்பு ஒரே நேரத்தில், ஒரே விதமாக, ஒரே அளவில் வர வேண்டும் என்றில்லை. இதுதான் அவர் சொல்வதன் சாரம். நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, இரண்டு விருப்பமும் ஒரே மாதிரி இல்லை என்பது, இந்த விளக்கத்துக்குள் அப்படியே அடங்குகிறது.

அப்படியென்றால் பான் எதற்கு? பான்செக்சுவல் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்ல வருவது, தங்கள் ஈர்ப்பில் பால்நிலை ஒரு கணக்கே இல்லை என்பதைத்தான். ஆளைப் பிடிக்கிறது, அந்த ஆள் ஆணா, பெண்ணா, இரண்டிலும் சேராதவரா என்பது அந்தப் பிடிப்பை மாற்றுவதில்லை. 2010 அளவில் வந்த அவர்களுடைய கொடியில் இளஞ்சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு மஞ்சள் பட்டை இருக்கிறது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தங்களை வைக்காதவர்களுக்கானது அது. 1998-இல் வந்த பைசெக்சுவல் கொடியில் நடுவில் ஊதா. இரண்டு கொடியையும் கையில் பிடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அதில் முரண் ஒன்றும் இல்லை. இரண்டு பெயருக்கும் நடுவில் வேலி கிடையாது. ஒரே ஆளுக்கு இரண்டும் பொருந்தலாம்.

இனி உங்கள் விசயத்துக்கு வருவோம். இதுவரை யார் யாரைக் காதலித்தீர்கள் என்று பட்டியல் போட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றே பேர், அதிலும் ஒருவரை விரும்பியது பதின்ம வயதில். பெடியனில் வந்ததும் தோழியில் வந்ததும் வேறுபட்டது, ஒருவர் ஆண், மற்றவர் பெண் என்பதாலா, உங்கள் வயது மாறியதாலா, அந்த இரண்டு பேரும் வெவ்வேறு குணம் என்பதாலா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நேரம் எடுத்து யோசியுங்கள். ஒரு பெடியனில் விருப்பம் வருகிறபோது அவருடைய ஆண்தன்மைதான் உங்களை இழுத்தது, பெண்ணில் வருகிறபோது இழுத்தது வேறு ஏதோ என்று தோன்றினால், பால்நிலை உங்கள் ஈர்ப்புக்குள் ஓர் இடம் பிடித்திருக்கிறது. வழக்கமாக அப்படிப்பட்டவர்கள் பை என்ற சொல்லில் சௌகரியமாக இருக்கிறார்கள். இல்லை, வித்தியாசம் முழுக்க ஆளுக்கு ஆள் வந்தது, ஆண் பெண் என்பது அதில் வரவேயில்லை என்று தோன்றினால், பான் உங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் படலாம்.

'படலாம்' என்று நான் நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என்னோடு கதைத்த இரண்டு பேர் இந்த விசயத்தில் கிட்டத்தட்ட ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "ஆளில் விருப்பம் வந்த பிறகுதான் எனக்கு ஆணா பெண்ணா என்ற நினைப்பே வரும்." ஒருவர் தன்னை பான் என்கிறார். அவருடைய துணை ஆண், பெண் இரண்டிலும் தன்னை வைக்காதவர். துணையைப் பற்றி யாரும் கேட்கிறபோது அவருக்கும் தன் பெயரில் இடம் இருப்பது தெரிய வேண்டும் என்பது இவருடைய விருப்பம். மற்றவர் பை என்கிறார். அவர் தாயிடம் எல்லாவற்றையும் சொன்ன நாளில் அந்தச் சொல்லைத்தான் சொல்லி விளங்கப்படுத்தினார். தாய் அழுது, சமாதானமாகி, அந்தச் சொல்லோடு மெல்லப் பழகிக்கொண்டார். இனி இன்னொரு சொல்லைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க அவருக்கு மனமில்லை. உள்ளே இருக்கிற உணர்வு ஒன்று, வெளியே சொல்கிற பெயர் இரண்டு. இரண்டு தெரிவும் சரிதான்.

பெயர் தெரிவு செய்வதில் இப்படித்தான் உணர்வோடு வேறு காரணங்களும் கலக்கின்றன. பை என்றால் கூடுதலான ஆட்களுக்கு விளங்கும். வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ சொன்னால் மேலதிக விளக்கம் தேவைப்படாது. அதே சொல்லை வைத்து "இரண்டு பக்கமும் போகிற ஆள்" என்று கேலி கேட்டு மனம் புண்பட்டவர்கள், அந்தக் கறை படியாத பெயராகப் பானை எடுப்பதும் உண்டு. இதில் எந்தக் காரணமும் கீழானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்று: மற்றவர் வைத்திருக்கிற பெயரைப் பிழை என்று காட்டுவதற்காக ஒரு பெயரை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் மச்சாள் பான் என்று சொல்லிக்கொள்ள விரும்பினால் தாராளமாகச் சொல்லட்டும். உங்களை பை இல்லை என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு இடமில்லை.

அடுத்து உங்கள் தோழி. இங்கே உங்களோடு நான் கொஞ்சம் முரண்படுகிறேன். பெயர் வேண்டாம் என்பதை ஒளிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லிசா டயமண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆண்களில் மட்டும் ஈர்ப்புள்ளவர்கள் என்று தங்களைச் சொல்லாத பெண்கள் பலரைப் பத்து ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து கதைத்தார். அந்தக் காலத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் பெயரை ஒரு தடவையாவது மாற்றியிருந்தார்கள். எந்தப் பெயரும் இல்லாமல் இருப்பதை விரும்பித் தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வயது போகப் போக எல்லாரும் ஒரு பெயரில் போய் நிலைத்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப் போனது. தன் அனுபவம் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்கவில்லை என்று ஒருத்தி கண்டுகொண்டால், சொல்லை விட்டுவிடுவதுதான் அவளுக்கு நேர்மை.

பயமும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை மறைப்பதற்கில்லை. எங்கள் ஊர் சின்ன ஊர். கம்பஸில் சொன்னது அந்தியில் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். ஒரே பாலினருக்கு இடையிலான பாலியல் உறவைக் குற்றமாக்கப் பயன்படுகிற, தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995-இல் செய்த திருத்தத்தோடு 365அ பெண்களையும் பிடிக்கக்கூடியதாகிவிட்டது. அவற்றை மாற்றக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் சட்டம் மாறவில்லை. அந்தப் பிரிவுகள் செயலைத்தான் குற்றமாக்குகின்றன; ஒருவர் தன்னை இன்னது என்று சொல்வதை அல்ல. இருந்தாலும் வட்ஸ்அப்பில் எழுதிய ஒரு சொல்லை ஸ்கிரீன்சொட் எடுத்து வைத்து மிரட்டுகிற ஆட்களுக்கு அந்த வேறுபாடு தேவையில்லை. இதை யோசித்து ஒருத்தி பெயரை எழுத்தில் போடாமல் இருந்தால், அது புத்திசாலித்தனம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் தனியே இருக்கிறபோது அவள் எதைத் தவிர்க்கிறாள்? "அப்போது உன்னை விரும்பினேன், அதற்குப் பெயர் மட்டும் வேண்டாம்" என்றால், அவள் எதையும் ஒளிக்கவில்லை. "அப்படி ஒன்று நடக்கவேயில்லை" என்றால், உங்கள் மனம் நோவது நியாயம். ஆனால் அந்த நோவுக்கு மருந்து அவள் ஒரு பெயரை ஏற்பது இல்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும், மற்றவர்களிடம் அவளைப் பற்றிச் சொல்கிறபோது 'அவளும் பை' என்று நீங்களாக ஒட்டிவிட வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: இதுவரை பை என்ற சொல் உங்களுக்கு உதவியிருந்தால் அதையே வைத்திருங்கள். இந்தக் காதலால் அதை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. பிறகு வேறு சொல் பொருத்தமாகப் பட்டால் மாற்றலாம். யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை.

பெயரை விட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மச்சாளிடம் உங்களைப் பற்றிச் சொல்கிறபோது, நீங்கள் இப்போது விரும்புகிறவர் திருநங்கை என்பதையும் சொல்லிவிட்டீர்கள். அது மச்சாளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா? இங்கே ஒரு பெண்ணாக வேலைக்குப் போய் வருகிற, அயலில் யாருக்கும் இந்த விசயம் தெரியாத திருநங்கைகள் இருக்கிறார்கள். கனடாவுக்குச் சொன்னது மாமிக்குத் தொலைபேசியில் வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்கே மச்சாளோடு கதைத்து, இதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். எழுத்தில் அனுப்பியிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். பிறகு அவரிடமும் நடந்ததைச் சொல்லி, யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அவரையே கேளுங்கள்.