உள்ளரங்க பேட்மின்டனுக்கு ஷூ தேர்ந்தெடுத்தல்

கேள்வி: மதுரையில் மரத்தளக் கோர்ட்டில் ஷட்டில் ஆடுகிறேன். ஓட்டப்பயிற்சி ஷூவில் பக்கவாட்டில் நகரும்போது கால் மடங்கப் பார்க்கிறது. எதைப் பார்த்து ஷூ வாங்குவது?

பதில்: ஓட்டப்பயிற்சி ஷூ முன்னோக்கிச் செல்வதற்காக உயரமான, மென்மையான நுரையுடன் செய்யப்படுவதால், பக்கவாட்டில் பாய்ந்து கால் ஊன்றும் கணத்தில் அதன் வெளிவிளிம்பு நசுங்கி, கணுக்காலை வெளிப்புறமாகச் சாய்த்துவிடுகிறது. பேட்மின்டன் ஷூவின் அடிப்பாகம் தாழ்வாக இருக்கும். முன்பாதத்தின் வெளிப்புறத்தில் ரப்பர் சற்றே மேலேறியிருக்கும்.

கடையில் ஷூவின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நடுப்பகுதி துணிபோல் முறுகினால் அது வேண்டாம். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே அது வளைய வேண்டும். குதிகால் கிண்ணம் அழுத்தினாலும் அமுங்கக் கூடாது.

ஆடும்போது அணியும் சாக்ஸுடன், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போட்டுப் பார்ப்பது நல்லது. சுண்டுவிரல் பக்கம் இறுகினால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதைவிட (பலரும் இதைத்தான் செய்கிறார்கள்) அதே சைஸில் அகல வடிவத்தைக் கேளுங்கள். நீளம் கூடினால் பாதம் உள்ளே வழுக்கும்.

பிடிமானத்திற்கு மென்மையான கம் ரப்பர் அடிப்பாகமே ஏற்றது. அதைத் தெருவில் அணியாதீர்கள். வழுக்கினால் ஈரத்துணியால் துடையுங்கள். தளத்தில் தூசியில்லாமலும் வழுக்கல் தொடர்ந்தால், ரப்பர் இறுகிவிட்டது.