தேன் புளித்துப் பொங்குகிறது என்று புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் என்ன எழுதுவது?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ரப்பர் தேன் பாட்டிலில் அடைத்து ஆன்லைனில் விற்கிறோம். புகாருக்கு 48 மணி நேரத்தில் பதில் என்று தளத்தில் போட்டிருக்கிறோம். ஏப்ரல் 12 சனிக்கிழமை ராத்திரி 9.10-க்குப் பாறசாலையில் இருந்து ஒருவர், வாங்கிய இரண்டு அரைக்கிலோ பாட்டிலும் நுரைத்துப் பொங்குகிறது, அடியில் சர்க்கரை கட்டியிருக்கிறது, கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். காரணம் தெரியாமல் என்ன பதில் எழுத?

பதில்:

காரணம் தெரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த முதல் பதிலில் காரணமே வரக்கூடாது. புகார் வந்து சேர்ந்தது, நாங்கள் புரிந்துகொண்டது இது, இன்ன நாளில் இன்னதைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னால் போதும்.

முதலில் நேரக் கணக்கு. 2020-ம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், கிடைத்த நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். வேலை நாள் என்று எங்கும் இல்லை. உங்கள் கெடு திங்கள் ராத்திரி 9.10. அன்று சித்திரை முதல் நாள், விஷுவும் அன்றுதான். கடையில் ஆள் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமையே எழுதி அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தானாகப் போகும் ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்ற வரியை நம்பி உட்காராதீர்கள். பொங்கும் பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் காத்திருக்கிறார். அதற்கு ஒரு ஆள்தான் பதில் சொல்ல முடியும்.

எழுத உட்காரும் முன் பத்து நிமிடம் பேக்கிங் பதிவேட்டைப் பாருங்கள். அவருக்குப் போன பாட்டில்களின் பேட்ச் நம்பர், அடைத்த தேதி, அந்தப் பேட்ச்சில் எத்தனை பாட்டில், அதில் எத்தனை இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கிறது, இவ்வளவும் வேண்டும். மீதமிருப்பதை அப்போதே தனியே எடுத்துவைத்து விற்பனையை நிறுத்துங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். ஏப்ரல் 12 இரவு 9.10-க்கு நீங்கள் அனுப்பிய புகார் கிடைத்தது. புகார் எண் 17. இரண்டு அரைக்கிலோ பாட்டிலும் நுரைத்துப் பொங்குவதாகவும், அடியில் சர்க்கரை போலக் கட்டியிருப்பதாகவும், கலப்படம் இருக்குமோ என்று சந்தேகப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து இந்தத் தேனை இனி சாப்பிட வேண்டாம், கொட்டவும் வேண்டாம். மூடியை லேசாகத் தளர்த்தி, ஒரு தட்டில் நிமிர்த்தி வையுங்கள். 15-ம் தேதி காலை எங்கள் ஆள் நேரில் வந்து எடுத்துக்கொள்வார், ரசீது தருவார். முழுப் பணமும் அன்றே திரும்ப அனுப்பப்படும். சோதனை முடிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதே பேட்ச்சில் நாங்கள் எடுத்துவைத்திருக்கும் மாதிரியையும் உங்கள் பாட்டிலையும் 16-ம் தேதி சேர்த்துச் சோதிப்போம். அன்று மாலை 6 மணிக்குள், கண்டதையும் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் முடிவு வரும் தேதியையும் எழுதுவோம். சாப்பிட்ட யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள், எனக்கும் சொல்லுங்கள்.”

கீழே உங்கள் பெயர், பொறுப்பு, கைப்பேசி எண்.

‘ரப்பர் தேன் உறைவது இயற்கை’ என்ற வரியை இதில் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். உறைவது இயற்கைதான், ரப்பர் தேனில் குளுக்கோஸ் அதிகம் என்பதால் சீக்கிரமே உறையும். ஆனால் அவர் நுரையையும் சொல்கிறாரே! குளுக்கோஸ் படிகமாகிக் கீழே இறங்கும்போது மேலே நிற்கும் நீர்மத்தில் தண்ணீரின் பங்கு கூடிவிடுகிறது; தேனில் எப்போதும் இருக்கும் ஈஸ்ட் அங்கேதான் பெருகிப் புளிக்க வைக்கிறது. அதாவது அடியில் கட்டியதும் மேலே பொங்கியதும் ஒரே கோளாறின் இரண்டு முகமாக இருக்கலாம். ‘இயற்கை’ என்று முந்திக்கொண்டு எழுதிவிட்டு, 16-ம் தேதி ‘புளித்திருக்கிறது’ என்று எழுத நேர்ந்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். ஈரக் கரண்டி போட்டீர்களா என்ற கேள்வியும் முதல் கடிதத்தில் வேண்டாம், பழிபோடுவது போல இருக்கும். பாட்டில் எடுக்கப் போகிறவர் எப்போது திறந்தீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள், திறக்கும்போது உஸ்ஸென்று காற்று வந்ததா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக் குறித்துவரட்டும். பொங்கும் பாட்டிலைக் கூரியரில் அனுப்பச் சொல்லவே கூடாது. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, ஆள் போய்வருவது ஒன்றும் சிரமமில்லை.

இனி சோதனை. பேட்ச்சுக்கு இரண்டு மாதிரி பாட்டில் எடுத்துவைத்திருந்தால் ஒன்றை மட்டும் திறங்கள், மற்றது சீல் உடையாமல் இருக்கட்டும். வழக்கு என்று போனால் அது வேண்டும். மாதிரியையும் அவருடைய பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊற்றும்போது சேர்ந்த காற்று நுரையாக இருந்தால் சில நாளில் அடங்கிவிடும், புளித்த வாசனையும் இருக்காது. புளித்த தேனில் நுரை திரும்பத் திரும்ப எழும், கள் போன்ற வாசனை வரும்.

அடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் ஈரப்பதம். உணவுப் பாதுகாப்பு விதியில் தேனுக்கு உச்ச வரம்பு 20 சதவீதம். பலர் தப்பு செய்வது இங்கேதான். மேலே நிற்கும் நீர்மத்தை மட்டும் தொட்டு வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அந்தப் பகுதி மட்டும்தான் நீர்த்திருக்கிறது. முதலில் படம் எடுத்துக்கொண்டு, காற்றை வெளியேற்றி, மூடியை மூடி 50 டிகிரி வெந்நீரில் வைத்துப் படிகம் முழுக்கக் கரைந்த பிறகு, கலக்கி, ஆறவிட்டுப் பாருங்கள். கருவியில் வெப்பத்திருத்தம் இல்லையென்றால் 20 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.1 சதவீதம் கழிக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் அறை 32 டிகிரி இருக்க, கருவி 21 காட்டினால் உண்மை அளவு 19.8-தான். 22.5 காட்டினால் திருத்திய பிறகும் 21.3, வரம்புக்கு மேலே.

மாதிரியும் அவருடைய பாட்டிலும் புளித்து, திருத்திய ஈரப்பதம் இரண்டிலும் 20-க்கு மேலே என்றால் கோளாறு பேட்ச்சில் இருக்கிறது. தேனீ இன்னும் மெழுகால் மூடாத தேனடை அறைகளோடு சேர்த்துப் பிழிந்த தேன் எந்தக் கேனில் வந்தது என்று கொள்முதல் பதிவில் தேடுங்கள்; அந்தப் பேட்ச் வாங்கிய மற்றவர்களுக்கும் அன்றே சொல்லித் திரும்ப எடுங்கள். மாதிரி நன்றாக இருந்து, அவருடையது மட்டும் கெட்டிருந்தால் மூடியின் சீலையும் அவர் வைத்திருந்த இடத்தையும் பார்க்க வேண்டும். அவர் வாங்கிய இரண்டு பாட்டிலில் ஒன்றை அவர் திறக்கவே இல்லை, அதுவும் பொங்குகிறது என்றால், ஈரக் கரண்டி போட்டதுதான் காரணம் என்று நினைக்கவே இடமில்லை.

கலப்படச் சந்தேகத்துக்கு இந்தக் கருவி பதில் சொல்லாது. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான். முடிவு எந்த நாளில் கிடைக்கும் என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு அந்தத் தேதியை அவருக்கு எழுதுங்கள். தள்ளிப்போனால், சொன்ன தேதிக்கு முந்தின நாளே புதுத் தேதி எழுதுங்கள். எப்படியும் மே 12-க்குள் முடிவான பதில் அவர் கையில் இருக்க வேண்டும்.