போர் தண்ணீர், வறண்ட தோல்: சோப்பா, பாடி வாஷா, சின்டெட் பாரா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு, போர் தண்ணீர்தான். குளிச்சுத் துவட்டின கொஞ்ச நேரத்துல முழங்காலுக்குக் கீழ வெள்ளை பூத்துடுது. டிஎஃப்எம் 76 போட்ட சோப்புதான் வாங்குறேன். பாடி வாஷுக்கு மாறணுமா, சின்டெட் பாரா?

பதில்: சின்டெட் பார், அதாவது சோப்புக்குப் பதில் செயற்கை அழுக்கு நீக்கியால் செய்த குளியல் கட்டி. பாதிக் காரணம் உங்கள் தண்ணீரிலேயே இருக்கிறது.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாகும் ஓர் உப்பு. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத பிசுக்காக மாற்றிவிடும். குளியலறை வாளியின் உட்புறம் வளையமாகப் படியும் வெள்ளை அழுக்கில் இதுவும் உண்டு. இதே பிசுக்கு தோலிலும் ஒட்டுகிறது, சொம்பு சொம்பாக ஊற்றினாலும் முழுதாகப் போகாது. நுரை வராததால் இன்னும் கொஞ்சம் தேய்ப்போம், எண்ணெய்ப்பசை இன்னும் கொஞ்சம் போகும். போதாக்குறைக்கு சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்போ 5 வாக்கில் இருக்கும். காரம் பட்டால் மேல்தோல் ஊறி உப்பும், அதன் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சுலபமாகக் கழன்று போகும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று மிச்ச ஈரத்தையும் இழுத்துவிட, கால் பூக்கிறது.

டிஎஃப்எம் எண்ணை நம்பி வாங்குவதில் ஒரு குழப்பம் உண்டு. அது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். 76 என்றால் கலப்படத் தூள் குறைவு, சீக்கிரம் கரையாது, அவ்வளவே. 76 ஆனாலும் 60 ஆனாலும் அது காரமான சோப்புதான்.

சின்டெட் பார் பார்க்க சோப்புக் கட்டி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது வேறு பொருள். பெரும்பாலும் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், கூடவே ஸ்டியரிக் அமிலம். பிஎச் 5.5 முதல் 7 வரை. கால்சியம் இதை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் ‘மாய்ஸ்சரைசிங்’ என்று அட்டையில் எழுதியதெல்லாம் சின்டெட் ஆகாது. பொருள் பட்டியலில் முதலில் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட் என்று வந்தால் அது சோப்பு. கோகோயில் ஐசெதியோனேட் முதலில் வந்து, இவை பின்னால் வந்தால் கலவைக் கட்டி. அதுவும் பரவாயில்லை ரகம்.

பட்டியல் புரியாவிட்டால் சமையலறை மஞ்சள் போதும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை நீரில் குழைத்து வெள்ளைத் துணியில் தடவி உலர விடுங்கள். கட்டியை ஃபில்டர் தண்ணீரில் நனைத்து அதன் மேல் தேயுங்கள். செங்கல் நிறமாகச் சிவந்தால் காரம், சோப்பு. மஞ்சளாகவே நின்றால் சின்டெட். போர் தண்ணீரில் செய்ய வேண்டாம், அதுவே கொஞ்சம் காரமாக இருக்கக்கூடும்.

தண்ணீரையும் பார்த்துவிடலாம். மூடியுள்ள பாட்டிலில் கால் பங்கு போர் தண்ணீர், பட்டாணி அளவு சோப்புச் சீவல், நன்றாகக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர் திரிந்த மாதிரித் திப்பித் திப்பியாக மிதந்தால் கடின நீர். அதே தண்ணீரில் சின்டெட் சீவலைப் போட்டுக் குலுக்கினால் திப்பி வராது. இந்த வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை. சோப்பை மாற்றுவதைவிட கிரீம் பூசுவதுதான் அதிகம் உதவும்.

பாடி வாஷ் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பொட்டாசியம் லாரேட், பொட்டாசியம் மிரிஸ்டேட் என்று இருந்தால் அது திரவ சோப்பு. மஞ்சளும் சிவக்கும், பிசுக்கும் வரும். சோடியம் லாரெத் சல்ஃபேட் முதலில் இருந்தால் போர் தண்ணீரிலும் நுரை பொங்கும், ஆனால் எண்ணெய்ப்பசையை நன்றாகவே எடுத்துவிடும். வாசனைப் பொருளும் பதப்படுத்தியும் சிலருக்கு அரிப்புத் தரும். நார் போட்டுத் தேய்த்தால் கேட்கவே வேண்டாம். வாசனையில்லாத, கிளிசரின் சேர்ந்த மென்மையான பாடி வாஷ் கிடைத்தால் சின்டெட்டுக்குச் சமம்தான், மாதச் செலவு மட்டும் கூடும்.

மாறிய பிறகு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் கட்டியைப் போடுங்கள். முழங்காலுக்குக் கீழே வெறும் தண்ணீர் போதும். வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடத்துக்குள் குளியல். துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ மெல்லியதாகப் பூசுங்கள். சின்டெட் போட்டுக் கழுவியபின் தோல் வழவழவென்று இருக்கும். கழுவவில்லையோ என்று மறுபடி தேய்க்கத் தோன்றும், தேய்க்காதீர்கள். கட்டி ஈரத்தில் கிடந்தால் களியாகிவிடும், ஓட்டையுள்ள சோப்புப் பெட்டி வேண்டும்.

மூன்று நான்கு வாரம் இப்படிச் செய்தும் வெடிப்பு, நீர்வடிதல் இருந்தாலோ, ராத்திரி அரிப்பு வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாவது சொன்னது சொறிசிரங்காக இருக்கலாம், அதற்கு எந்தக் கட்டியும் உதவாது.