திருவிழா மேடையில் மெல்லிய வரி எங்கே போகிறது?

கேள்வி: கைபேசியில் இனிமையாகக் கேட்கும் பாட்டை, அதே பாடகரே கோயில் திருவிழா மேடையில் பாடும்போது ஏன் வேறு பாட்டைப் போலக் கேட்கிறது?

முல்லைத்தீவுப் பக்கத்துக் கோயில்களில் சில ஆண்டுகளாக இசைக்குழுக்களுக்கு ஒலியமைப்புச் செய்து வருகிறேன். பாடகருக்குக் குரல் கெட்டுவிட்டது என்று சனம் முடிவுகட்டும் இடங்களில், பெரும்பாலும் குற்றம் குரலில் இருப்பதில்லை. மைக்குக்குள் குரலோடு வேறு எவையெவை நுழைகின்றன என்பதில்தான் விடயம் இருக்கிறது.

ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடகர் அமைதியான அறையில் தனியாக நின்று பாடுகிறார். வாத்தியங்கள் அவருடைய ஹெட்ஃபோனில் மட்டுமே ஒலிப்பதால், மைக்குக்குள் குரலைத் தவிர வேறொன்றும் போவதில்லை. ஒரே வரியைப் பலமுறை பாடி நல்லதை எடுத்துக்கொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிட முக்கியமானது, பிறகு கம்ப்ரஸர் என்னும் கருவி உரத்த இடங்களை அமுக்கிவிட, மெல்லிய இடங்களையும் சேர்த்து முழுக் குரலையும் உயர்த்த முடிவதுதான். முணுமுணுப்பாகப் பாடிய வரி, ட்ரம்ஸுக்கு மேலாக உங்கள் காதோரத்தில் கேட்பது இதனால்தான்.

மேடையில் கம்ப்ரஸர் இருந்தாலும், இந்த வசதி முழுதாகக் கிடைப்பதில்லை. ஒரு வைகாசிப் பொங்கல் இரவில், சரணத்தின் முதல் வரியை மெதுவாகப் பாட வேண்டிய பாடகர், பழக்கதோசத்தில் மைக்கை உதட்டிலிருந்து ஐந்து சென்ரிமீற்றரில் இருந்து இருபது சென்ரிமீற்றருக்கு விலக்கிவிட்டார். தூரம் நான்கு மடங்கானால் மைக்கை எட்டும் குரலின் ஒலியழுத்தம் ஏறத்தாழ நான்கிலொரு பங்காகிவிடும். ஆனால் இரண்டு மீற்றர் பின்னால் இருந்த ட்ரம்ஸின் ஒலி, அதே மைக்கில் முன்பிருந்த அளவிலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் குரலை ஏற்ற, கூடவே சிம்பலின் இரைச்சலும் ஏறியது. இன்னும் சற்று ஏற்றியதும், பாடகர் தன் குரலைத் தானே கேட்பதற்காக அவர் காலடியில் வைத்திருந்த மொனிற்றர் ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து ஊளையிட்டது. அந்த ஊளைதான் எங்கள் எல்லைக்கோடு. கம்ப்ரஸரை இறுக்கிப் பிடித்துக் குரலை உயர்த்தினாலும் அந்தக் கோட்டுக்கே விரைவில் போய் நிற்போம்.

இதை நிகழ்ச்சிக்கு முன்பே கண்டுபிடிக்கலாம். பாடகரை மைக்கைப் பிடித்தபடி வாய்திறவாமல் நிற்கச் சொல்லி, ட்ரம்ஸை வாசிக்க வைத்து, அந்த ஒரு மைக்கை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். அங்கே எவ்வளவு ட்ரம்ஸ் கேட்கிறதோ, அவ்வளவும் குரலை ஏற்றும்போது சேர்ந்து ஏறும். மறுநாள் மொனிற்றரைக் குறைத்து, மெல்லிய வரிகளில் மைக்கை உதட்டோடு வைத்திருக்கும்படி பாடகரிடம் கெஞ்சினேன். வரி கேட்டது, ஆனாலும் பதிவைப் போல அல்ல.

திறந்த வெளியில் இன்னொன்றும் உண்டு. சொற்களைத் தெளிவாக்கும் உயர்சுரங்கள் ஸ்பீக்கருக்கு நேரே மட்டும் செல்ல, அடிச்சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். எனவே கச்சான் கடை ஓரத்தில் நிற்பவருக்குப் பாட்டு வெறும் முழக்கமாகவே எட்டும், சோளகக் காற்று எதிர்த்து வீசினால் அதுவும் அலைந்தலைந்து வரும். மெல்லிய வரிகளைக் கேட்க விரும்பினால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவாக, மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அங்கே கேட்பதை வைத்துத்தான் நாங்கள் ஒலியைத் திருத்துகிறோம்.