போட்டோவை வைத்து பெயிண்ட் நிறத்தைச் சொல்ல முடியுமா?

"சுவரில் ஒரு இடத்துக்கு மட்டும் டச்-அப் செய்யணும். போட்டோ அனுப்பினால் இது என்ன ஷேட், மேட்டா சாட்டினா என்று சொல்ல முடியுமா?"

உறுதியாகச் சொல்ல முடியாது. 2700K மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் வெளிர் சாம்பல்கூட க்ரீமாகத் தெரியும். கேமராவும் சும்மா இருக்காது. ஃபிரேம் முழுக்க க்ரீம் சுவர் என்றால், மஞ்சள் வெளிச்சம்தான் காரணம் என்று நினைத்து அந்த மஞ்சளைக் குறைத்துவிடும். ஆக, பிழை இரண்டு பக்கமும் வரலாம்.

சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். படத்தில் தாளும் மஞ்சளாக இருந்தால் அது வெளிச்சத்தின் வேலை. தாள் வெள்ளையாக இருந்து சுவர் மட்டும் மஞ்சளித்தால்தான் அது பெயிண்டின் நிறம்.

ஃபினிஷ் இதைவிடச் சிக்கல். நேராக நின்று எடுத்தால் சாட்டினும் மேட் மாதிரிதான் இருக்கும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நின்று, சுவரை ஒட்டினாற்போல் சாய்வாகப் பாருங்கள். சாட்டினில் ஜன்னல் மங்கலான பளபளப்பாகத் தெரியும். ரொம்பவும் சாய்த்தால் மேட்டும் கொஞ்சம் மினுங்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

இத்தனை செய்தாலும் நாலைந்து ஷேட் வரைதான் குறுக்க முடியும். அப்புறம் ஷேட் கார்டைச் சுவரிலேயே வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.